எச்சோ, எஸ்க்ரீத்தோ: கோடிட்ட இடம் எங்கே இருக்கணும்?

ஸ்பானிஷ் தொடக்கப் புத்தகம் எதைத் திறந்தாலும் பாதியைத் தாண்டினதும் ஒரு பயிற்சி கண்ணுல படும். "செஞ்சிருக்கேன், எழுதியிருக்கா" மாதிரி வர்ற காலத்தை நிரப்பச் சொல்ற பயிற்சி. ஒரு வாக்கியம், நடுவுல ஒரு கோடு, பக்கத்துல அடைப்புக்குள்ள மூல வினை. பத்து வாக்கியம் இருக்கும். தலைப்புலயே எந்தக் காலத்துல நிரப்பணும்னு சொல்லிடுவாங்க.

```
Hoy yo ____________ (escribir) una carta.
Ellos ____________ (hacer) la comida.
```

முதல் கோட்டுக்கு ஏ எஸ்க்ரீத்தோ, ரெண்டாவதுக்கு ஆன் எச்சோ. அபேர்ங்கிற துணைவினையோட ஆறு வடிவத்தையும் (ஏ, ஆஸ், ஆ, எமோஸ், அபேய்ஸ், ஆன்) மனப்பாடம் பண்ணி, விதிவிலக்கான பார்ட்டிசிப்பிள் பட்டியலையும் மனப்பாடம் பண்ணினவங்க பத்துக்குப் பத்து வாங்கிடலாம். வாங்கவும் வாங்குறாங்க. அப்படி வாங்கினவங்களே சொந்தமா நாலு வாக்கியம் எழுதும்போது அஞ்சாறு இடத்துல தடுக்கி விழறாங்களே, அதுக்கு என்ன காரணம்? என் பதில் இதுதான். இந்தக் காலத்துலயே ரொம்ப எளிமையான, ஒரு அளவோட முடிஞ்சுபோற பகுதி எதுவோ அதை மட்டும்தான் இந்தப் பயிற்சி சோதிக்குது. கஷ்டம் இருக்கிற இடத்துல கோடே போடறதில்லை.

முதல்ல அந்த எளிமையான பகுதியைப் பார்த்துடலாம், ஏன்னா அதைப் பத்தின பயம்தான் அளவுக்கு மீறி வளர்ந்திருக்கு. வழக்கமான பார்ட்டிசிப்பிள் -ஆதோன்னு முடியும், இல்லைன்னா -ஈதோன்னு முடியும். பேசுறதுக்கு அப்லாதோ, சாப்பிடுறதுக்கு கொமீதோ. இதுல அடங்காத முக்கியமானவை மொத்தமே இவ்வளவுதான்:

```
hacer    → hecho      decir    → dicho
escribir → escrito    ver      → visto
poner    → puesto     romper   → roto
abrir    → abierto    cubrir   → cubierto
volver   → vuelto     resolver → resuelto
morir    → muerto
```

பதினொண்ணு. இதை வாய்விட்டுப் படிச்சா ஒரு விஷயம் காதுலயே விழும். அப்லாதோ, கொமீதோவுல அழுத்தம் கடைசி விகுதிமேல (லா, மீ) விழுது. எச்சோ, தீச்சோ, பீஸ்தோ, புவெஸ்தோவுல அழுத்தம் வினையடிமேல விழுது. லத்தீன்லயே இந்த வினைகளுக்கு அழுத்தம் அடியிலதான் இருந்துச்சு. தினமும் வாயில புழங்கின சொற்கள்ங்கிறதால, மத்த வினைகளைப் பார்த்து மாறாம பழைய உருவத்தோடயே தங்கிடுச்சு. எச்சோ எங்கிருந்து வந்ததுன்னு பாருங்க. லத்தீன்ல ஃபக்தும். சொல்லோட முதல்ல வந்த ஃப ஒலி ஸ்பானிஷ்ல பல சொற்கள்ல தேஞ்சு, எழுத்துல மட்டும் ஒரு ஊமை h-ஆ நின்னுபோச்சு (மாவுக்கு ஃபரீனாவா இருந்தது அரீனா ஆனதும் இப்படித்தான்). நடுவுல இருந்த க்த்ங்கிற கூட்டு ச்ச ஆச்சு. எட்டுங்கிற ஒக்தோ ஓச்சோ ஆனதும், பால், இரவு ரெண்டுக்கும் லேச்சே, நோச்சேன்னு சொற்கள் வந்ததும் இதே மாற்றத்தாலதான். அதனால எச்சோவும் தீச்சோவும் விதியை மீறின சொற்கள் கிடையாது. இன்னொரு பழைய விதிக்குக் கட்டுப்பட்ட சொற்கள். இது தெரிஞ்சா ரெண்டும் ஜோடியா மனசுல நின்னுடும்.

பட்டியல் சின்னதா இருக்கிறதுக்கு இன்னும் ரெண்டு காரணம் சொல்லணும். ஒண்ணு, -ஆர்னு முடியற வினை எதுக்குமே அபேரோட சேரும்போது விதிவிலக்கு கிடையாது. அடைப்புக்குள்ள -ar பார்த்தீங்கன்னா யோசிக்காம -ஆதோ போடலாம். ரெண்டாவது, மத்த காலங்கள்ல பாடாப்படுத்துற சேர், ஈர், தெனேர், போதேர், கெரேர் எல்லாம் இங்கே சாதுவா இருக்கு: சீதோ, ஈதோ, தெனீதோ, பொதீதோ, கெரீதோ. முன்னொட்டு சேர்ந்த வினைகளும் தாய்வினை வழியிலயே போகும். விவரிக்கிறதுக்கு தெஸ்க்ரீத்தோ, திருப்பித் தர்றதுக்கு தெபுவெல்தோ, முன்கூட்டிப் பார்க்கிறதுக்கு ப்ரெபீஸ்தோ. இங்கே கவனிக்க வேண்டிய இடம் ரெண்டுதான். ஆசீர்வதிக்கிறதும் சபிக்கிறதும் தெசீர் குடும்பமா இருந்தும் பெந்தெசீதோ, மல்தெசீதோன்னு வழக்கமான வடிவம் எடுக்கும். ரோம்பேர் ரோத்தோ ஆகும், ஆனா கெடுக்கிறதுங்கிற கொர்ரோம்பேர் கொர்ரொம்பீதோதான். பொரிக்கிறது, அச்சடிக்கிறது, வழங்குறதுங்கிற மூணு வினைக்கு மட்டும் ரெண்டு வடிவமும் சரின்னு ஸ்பானிய அரச கழகமே ஏத்துக்கிட்டிருக்கு. அதைப் பயிற்சியில வெச்சு மாணவரைச் சோதிக்கிறதுல அர்த்தம் இல்லை.

ஆக, மனப்பாடம் செய்ய வேண்டியது ஒரு பக்கத்துக்குள்ள அடங்கிடுது. ஸ்பானிஷைத் தாய்மொழியாப் பேசுற சின்னக் குழந்தைகளும் ரொம்பீதோ, எஸ்க்ரிபீதோ, போனீதோன்னு சொல்லும். வளர வளர தானா திருத்திக்கும். இந்தத் தப்பு கேட்டவுடனே தெரிஞ்சுடும், யாராவது திருத்திடுவாங்க, புரியாமலும் போகாது. வெளியில இருந்து கத்துக்கிறவங்க செய்யற தப்பு வேற இடத்துல இருக்கு. துணைவினையும் பார்ட்டிசிப்பிளும் ஒட்டுற அந்த மூட்டுலதான் அது நடக்குது.

அந்த மூட்டு எப்படிப்பட்டதுன்னு தமிழ்ல பேசுறவங்களுக்குச் சுலபமா விளங்கும். "செஞ்சிருக்கேன், செஞ்சிருக்கா, செஞ்சிருக்காங்க"ன்னு சொல்லும்போது செஞ்சு அப்படியே நிக்குது. யார் செஞ்சாங்கங்கிறதை இரு மட்டும்தான் காட்டுது. ஏ எச்சோ, ஆ எச்சோ, ஆன் எச்சோவுலயும் இதே வேலைப் பங்கீடுதான், வரிசை மட்டும் தலைகீழ். ஆனா தமிழ்ல "செஞ்சுதான் இருக்கேன்", "செஞ்சும் இருக்கேன்"னு நடுவுல ஒரு அசையை நுழைக்கலாம். ஸ்பானிஷ் அன்றாடப் பேச்சுலயும் எழுத்துலயும் அதுக்கு இடம் கொடுக்காது. இல்லைங்கிற நோ, அதைங்கிற லோ ரெண்டும் ஏ-வுக்கு முன்னாடிதான் போகணும்; எப்பவும், ஒருபோதும், ஏற்கனவேங்கிற சொற்கள் ஏ-வுக்கு முன்னாடி போகணும், இல்லை எச்சோவுக்குப் பின்னாடி போகணும். கேள்வியில எழுவாய்கூட நடுவுல வரக்கூடாது: "ஆ எச்சோ குவான் லா கொமீதா?" தமிழர்கள்ல நிறைய பேர் ஸ்பானிஷை ஆங்கிலப் புத்தகம் வழியாத்தான் படிக்கிறாங்க. ஆங்கிலத்துல "ஹேவ் ஆல்ரெடி டன்", "ஹேவ் நெவர் சீன்"னு நடுவுல செருகுறதும், கேள்வியில எழுவாயை நடுவுல வெக்கிறதும் இயல்பு. அந்தப் பழக்கம் அப்படியே வந்து "ஏ நுங்கா பீஸ்தோ"ன்னு எழுத வைக்குது. கோட்டுக்குள்ள துணைவினையையும் பார்ட்டிசிப்பிளையும் சேர்த்து நிரப்பச் சொன்னா இந்தத் தப்பு நடக்கவே வாய்ப்பில்லை, ஏன்னா நடுவுல எதையும் செருக வேண்டிய தேவையே வராது. தப்பு செய்ய முடியாத இடத்துல சரியா செஞ்சதை வெச்சு என்ன முடிவுக்கு வர முடியும்?

இன்னும் பெரிய தப்பு பாலும் எண்ணும் சம்பந்தப்பட்டது. அபேரோட வந்தா பார்ட்டிசிப்பிள் மாறாது, எப்பவும் -ஓ. எஸ்தாரோட, சேரோட, தெனேரோட வந்தா அது பெயரடை மாதிரி நடந்துக்கும். ஆண்பால், பெண்பால், ஒருமை, பன்மை நாலுக்கும் மாறும். இந்த விதியைத் தனியா ஒரு வரியில படிக்கும்போது எல்லாருக்கும் புரியும். ஒரே வினையை நாலு சட்டத்துக்குள்ள வெச்சுப் பார்க்கும்போதுதான் அது மனசுல ஏறியிருக்கான்னு தெரியும். நான் முன்வைக்கிற பயிற்சி இப்படி இருக்கும். நாலுக்கும் வினை எழுதுறதுதான், அதனால எஸ்க்ரீத்தோங்கிற வடிவத்தை ஒரு தடவை நினைவுக்குக் கொண்டுவந்தா போதும். கோட்டோட நீளம் நாலுலயும் ஒண்ணு, அதனால ஒரு சொல்லா ரெண்டு சொல்லான்னு கோட்டைப் பார்த்து ஊகிக்க முடியாது.

```
a) Hoy Ana ____________ dos cartas.
b) Las dos cartas ya están ____________.
c) Ana ya tiene ____________ las dos cartas.
d) ¿Las cartas? Ana ya las ____________.
```

முதல் வாக்கியம், அனா இன்னிக்கு ரெண்டு கடிதம் எழுதியிருக்கா: ஆ எஸ்க்ரீத்தோ. ரெண்டாவது, கடிதங்கள் எழுதி முடிஞ்ச நிலையில இருக்கு. கடிதம் பெண்பால், பன்மை, பக்கத்துல எஸ்தார் நிக்குது, எஸ்க்ரீத்தாஸ். மூணாவது, எழுதின கடிதங்கள் அனா கையில தயாரா இருக்கு. தெனேர் இருக்கிறதால இங்கேயும் எஸ்க்ரீத்தாஸ். நாலாவதுதான் சோதனையே. அவற்றைங்கிற லாஸ் கோட்டுக்கு ஒட்டி முன்னாடி நிக்குது, அதுவும் பெண்பால் பன்மை, அதுக்கு மேல ரெண்டு வரியில எஸ்க்ரீத்தாஸ் எழுதிப் பழகின கை. அப்படியும் பதில் ஆ எஸ்க்ரீத்தோதான். இங்கே "ஆ எஸ்க்ரீத்தாஸ்"னு ஒருத்தர் எழுதினா, அவருக்குப் பட்டியல் தெரியும், அபேர் தெரியும், ரெண்டும் சேரும்போது என்ன ஆகும்ங்கிறது மட்டும் தெரியலைன்னு ஆசிரியருக்கு உடனே புரிஞ்சுடும். முதல் வரியில ஆ-வுக்குப் பதிலா தியேனே எழுதினவர், ஆங்கிலத்துல உடைமைக்கும் துணைக்கும் ஒரே சொல் இருக்கிறதைப் பார்த்துக் குழம்பியிருக்கார். எஸ்தாவை எழுதினவர் தமிழ் இரு-வைப் பின்பற்றியிருக்கார். எஸ்க்ரிபீதோ எழுதினவர் மட்டும்தான் பட்டியலை மறந்தவர். ஒவ்வொரு தப்பும் ஒவ்வொரு காரணத்தைக் காட்டிக்கொடுக்குது. பழைய பாணிப் பயிற்சியில வெளியே தெரியறது பெரும்பாலும் இந்தக் கடைசி ஆள் மட்டும்தான்.

மூணாவது வாக்கியத்தை ஏன் சேர்த்தேன்னு கேக்கலாம், தொடக்கப் புத்தகங்கள்ல அது அரிதாத்தான் வரும். இந்தக் காலம் பிறந்ததே அந்த அமைப்புல இருந்துதான், அதனாலதான் சேர்த்தேன். லத்தீன்ல எழுதின கடிதங்களை நான் வெச்சிருக்கேன்ங்கிற பொருள்ல சொன்ன வாக்கியம்தான் மெல்ல மெல்ல எழுதியிருக்கேன்ங்கிற பொருளுக்கு நகர்ந்துச்சு. அபேர் அப்போ உடைமையைக் குறிச்ச சொல். பழைய ஸ்பானிஷ்ல பார்ட்டிசிப்பிள் செயப்படுபொருளோட பால், எண்ணுக்கு ஏத்த மாதிரி மாறினதைப் பார்க்கலாம். பிறகு உடைமைப் பொருளைத் தெனேர் எடுத்துக்கிச்சு, அபேர் வெறும் துணைவினையா சுருங்குச்சு, பார்ட்டிசிப்பிளும் -ஓ-வுல உறைஞ்சு போச்சு. பிரெஞ்சும் இத்தாலியனும் இந்த மாற்றத்தை முழுசா முடிக்கலை. அவற்றைங்கிற சொல் முன்னாடி வந்தா இன்னிக்கும் அங்கே பார்ட்டிசிப்பிள் மாறும். அதனாலதான் பிரெஞ்சு படிச்சுட்டு ஸ்பானிஷுக்கு வர்றவங்க நாலாவது வரியில நிச்சயமா ஒரு நொடி தயங்குவாங்க. மூணாவதையும் நாலாவதையும் அடுத்தடுத்து வெச்சா, எது உறைஞ்சது, எது இன்னும் உயிரோட மாறுதுன்னு வரலாறே தெரியாதவருக்கும் கண்ணெதிர்ல தெரியும்.

இதுக்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. முதல்ல வடிவம் கையில வரணும், அது வராதவர்கிட்ட நாலு சட்டத்தையும் ஒரே நேரத்துல நீட்டினா குழம்பிப் போவார், அதனால அடைப்புக்குள்ள வினை கொடுத்து ஒரே அச்சுல பத்து வாக்கியம் நிரப்பறதுதான் முதல் படின்னு ஆசிரியர்கள் சொல்லுவாங்க. முதல் படி தேவைங்கிறதை நான் மறுக்கலை. ஆனா அந்தப் படிக்கு வாக்கியம் எதுக்கு? எச்சோவை நினைவுல பதிக்கணும்னா அசேர், எச்சோ, தெசீர், தீச்சோன்னு ஜோடி ஜோடியா வாய்விட்டுச் சொல்லிப் பழகறது வேகமா வேலை செய்யும். "எல்லோஸ் ______ லா கொமீதா"ங்கிற வாக்கியத்துல எல்லோஸையும் அடைப்புக்குள்ள இருக்கிற வினையையும் தவிர வேற எதையும் படிக்காமலே சரியா நிரப்பிடலாம். சமையலா, கடிதமா, நேத்தா, இன்னிக்கான்னு பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. வாக்கியத்தைக் கொடுத்தா வாக்கியத்தைப் படிக்க வைக்கணும். அதுக்குத்தான் கோடிட்ட இடம்ங்கிற வடிவம் இருக்கு.

இன்னொரு மறுப்பு, திருத்தறது கஷ்டம்ங்கிறது. இப்போ நிறைய பயிற்சிகளைக் கணினியே திருத்துது, அதுக்கு ஒரே ஒரு சரியான விடை வேணும். மேல இருக்கிற நாலு வாக்கியத்துக்கும் எழுதுறதுங்கிற வினையையும் ஏ எச்சோ காலத்தையும் கொடுத்துட்டா விடை ஒண்ணே ஒண்ணுதான், அதனால இந்த இடத்துல சிக்கல் இல்லை. சொல்லப்போனா கணினி திருத்தும்போது ஒரு விஷயத்துல இன்னும் கண்டிப்பா இருக்கணும், அதாவது h-ல. அந்த எழுத்துக்கு ஒலி கிடையாதுங்கிறதால காதால கத்துக்கிறவங்க அதை விட்டுடுவாங்க. ஸ்பானிஷ்காரங்களே அவசரத்துல எழுதும்போது விடற எழுத்து அது. h இல்லாத ஆ வேற சொல், திசையையும் சேருமிடத்தையும் காட்டுற முன்னிடைச்சொல். h இல்லாத எச்சோவும் வேற சொல், எச்சார்ங்கிற வினையோட நான் போடுறேன், எறியறேன்ங்கிற வடிவம்.

```
Te he echado de menos.
Ya lo he hecho.
```

முதல் வரி உன் ஞாபகமாவே இருந்தேன்னு சொல்றது, அங்கே எச்சாதோவுல h கிடையாது. ரெண்டாவது வரி அதை ஏற்கனவே செஞ்சுட்டேன், அங்கே h வேணும். ஒலியில ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல நிக்குது, அதனால இந்த ரெண்டையும் சொல்லி எழுத வைக்கிறது இங்கே கோடிட்ட இடத்தைவிட நல்ல பயிற்சி.

விடை ஒண்ணுதான்ங்கிற நிபந்தனை உண்மையிலேயே உடையற இடம் காலத்தைத் தேர்ந்தெடுக்கிறதுல இருக்கு. தலைப்புலயே இந்தக் காலத்துல நிரப்புன்னு சொல்லிட்டா அந்தத் தேர்வு மாணவர் கையை விட்டுப் போயிடுது. ஆனா பேசும்போது முதல்ல எடுக்க வேண்டிய முடிவே அதுதான், ஏ எச்சோவா, செஞ்சேன்ங்கிற ஈசேவா? வெனிசுவேலாவுல பிறந்த ஆந்த்ரேஸ் பெயோ 1847ல வெளியிட்ட இலக்கண நூல்ல இந்தக் காலத்துக்கு நிகழ்காலத்துக்கு முற்பட்டதுங்கிற பொருள்ல ஒரு பெயர் வெச்சார். அந்தப் பார்வை இன்னிக்கும் உதவும். செயல் நடந்து முடிஞ்சிருக்கலாம், ஆனா அது பேசுறவரோட இப்போதைய கணக்குல சேர்ந்திருக்கணும். ஸ்பெயின்ல பெரும்பகுதியில இன்னிக்கு, இந்த வாரம், இன்னும், ஏற்கனவேன்னு வந்தா ஏ எச்சோ; நேத்து, போன வருஷம்னு வந்தா ஈசே. தமிழ்ல "நேத்தே செஞ்சிருக்கேனே"ன்னு தயங்காம சொல்லலாம்ங்கிறதால நம்ம ஆட்கள் நேத்துங்கிற அயேரோட ஏ எச்சோவைச் சேர்க்க வாய்ப்பு அதிகம். அதைப் பிடிக்கணும்னா ரெண்டு காலமும் கலந்த பயிற்சி வேணும்.

இங்கேதான் கடைசி மறுப்பு வருது, அதுதான் எல்லாத்தையும்விட வலுவானது. மெக்சிகோவுல காலையில நடந்ததைப் பத்தி இன்னிக்கு மதியம் பேசினாலும் ஈசேன்னுதான் பெரும்பாலும் சொல்லுவாங்க. ஸ்பெயினுக்குள்ளயே கலீசியா, அஸ்தூரியாஸ், கானரித் தீவுகள்ல எளிய இறந்தகாலம்தான் ஓங்கியிருக்கு. பொலிவியா மாதிரி ஆண்டீஸ் மலைப் பகுதிகள்ல நேர்மாறா, கூட்டுக் காலம் நம்ம எதிர்பார்ப்பைத் தாண்டியும் வரும். அப்போ எந்த விடையைச் சரின்னு போடறது, தேர்வைச் சோதிக்கவே வேண்டாமேன்னு ஒருத்தர் கேட்டா அதுல நியாயம் இருக்கு. ஆனா எல்லா வாக்கியமும் இப்படி ஊருக்கு ஊர் மாறறதில்லை. இந்த ரெண்டையும் பாருங்க:

```
e) Esta mañana Ana ____________ dos cartas.
f) Ana ____________ dos cartas ayer.
```

முதலாவதுல மத்ரீத்காரர் ஆ எஸ்க்ரீத்தோன்னும் மெக்சிகோக்காரர் எஸ்க்ரிபியோன்னும் நிரப்புவாங்க. ரெண்டும் சரி, விடைத்தாள்ல ரெண்டும் இருக்கணும், பக்கத்துல எந்த ஊர் வழக்குன்னு ஒரு வரி இருக்கணும். ரெண்டாவதுல பாடப்புத்தகம் எந்த நாட்டுல அச்சானாலும் எஸ்க்ரிபியோதான் எதிர்பார்க்கிற விடை. முதலாவதை மட்டும் ஒத்தை விடையோட கொடுத்து, எஸ்க்ரிபியோ எழுதினவருக்குச் சிவப்பு மையில பெருக்கல் குறி போடற விடைத்தாள்கள்தான் நிஜமா தப்பு செய்யுது. மெக்சிகோவுல இருந்து வந்த ஆசிரியர்கிட்ட பேசிப் பழகின மாணவர் அங்கே இழக்கிற மதிப்பெண்ணுக்கு அவரோட இலக்கணம் காரணம் கிடையாது.